வாசலில் நின்றவரும் கொலையாளியா?

1923 ஆகஸ்ட் 3. கல்கத்தா சங்கரிடோலா தபால் நிலையத்தின் பின்அறையில் சப் போஸ்ட் மாஸ்டர் மேஜையில் உட்கார்ந்து பணம் எண்ணிக்கொண்டிருந்தார். முற்றத்துப் பக்கக் கதவில் சில ஆட்கள் வந்து நின்று பணத்தைக் கொடு என்றார்கள். சொன்ன கையோடு சுட்டார்கள். கையிலும் அக்குளுக்கு அருகிலும் குண்டு பட்டு அவர் இறந்தார். ஒரு காசும் எடுக்காமல் எல்லோரும் ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். தபால் நிலைய ஊழியர்கள் துரத்திப் பிடித்தது ஒருவரை மட்டும்தான். பெயர் பரேந்திர குமார் கோஷ்.

தான் வெளியே முற்றத்தில்தான் நின்றதாகவும், பயந்துபோயிருந்ததாகவும் அவர் சொன்னார். உயிரைக் குடித்த குண்டு யாருடைய துப்பாக்கியிலிருந்து வந்தது என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை. அப்படியிருந்தும் கொலைக் குற்றத்துக்குத் தண்டனை கிடைத்தது. வழக்கு லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரை போனது.

அவர் தரப்பு வாதத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஒருவர் தன் கையால் செய்த செயலுக்குத்தானே பொறுப்பு? ஆனால் அதை ஏற்றால் ஒரு சிக்கல் வரும். இரண்டு பேர் சேர்ந்து சுட்டு, எந்தக் குண்டு கொன்றது என்று தெரியாவிட்டால், இருவருமே கொலைக் குற்றத்திலிருந்து தப்பிவிடலாம். திட்டம் போட்டுச் சேர்ந்து வந்தவர்களின் செயல்களை மொத்தமாகத்தான் பார்க்க வேண்டும், வாசலில் காவல் நின்றதும் அந்தச் செயலில் ஒரு பங்குதான் என்று பிரிவி கவுன்சில் சொன்னது. இதுதான் அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 34-வது பிரிவு. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 3(5). வக்கீல்கள் இதைப் பொது உட்கருத்து என்பார்கள்.

இதைக் கேட்டதும், கூட இருந்தாலே மாட்டிக்கொள்வோம் என்று நினைக்கத் தோன்றும். அப்படியல்ல என்பதற்கு அதே பிரிவி கவுன்சில் 1945-ல் தீர்ப்புச் சொன்ன மெஹ்பூப் ஷா வழக்கு இருக்கிறது.

சிந்து நதிக்கரையில் சிலர் நாணல் அறுத்துப் படகில் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். அது தங்கள் நிலத்து நாணல் என்று கரையிலிருந்தவர் தடுத்தார். வாக்குவாதம் முற்றி அடிதடியானது. அடிபட்டவர் போட்ட கூச்சலைக் கேட்டு வாலி ஷா, மெஹ்பூப் ஷா இருவரும் துப்பாக்கியோடு ஓடி வந்தார்கள். வாலி சுட்டதில் அல்லா தாத் என்பவர் இறந்தார். மெஹ்பூப் சுட்டது வேறொருவரை. அவருக்குக் காயம்தான். வாலி தலைமறைவாகிவிட, மெஹ்பூபுக்குத் தூக்கு விதிக்கப்பட்டது.

பிரிவி கவுன்சில் அவரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. இருவரும் சேர்ந்து எண்ணியது, எண்ணியதாகவே கொண்டாலும், அடிபட்ட உறவினரைக் காப்பாற்றுவதை மட்டுமே. அல்லா தாத்தைக் கொல்வது என்று பேசி முடிவெடுத்ததற்குச் சான்றில்லை. ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு ஒரே மாதிரி எண்ணம் இருப்பது போதாது, அந்த எண்ணம் இருவரும் ஒத்துக்கொண்டதாக இருக்க வேண்டும். ஒப்பந்தம் சம்பவ இடத்திலேயே ஒரு நொடியில் உருவாகலாம் என்று உச்ச நீதிமன்றமும் பின்னர் ஏற்றுக்கொண்டது. அதை நேரில் பார்த்த சாட்சி அநேகமாகக் கிடைக்காது. யார் ஆயுதத்தோடு வந்தார், சேர்ந்து வந்தார்களா, யார் என்ன சொன்னார், அடித்த பிறகு என்ன செய்தார்கள் என்பதிலிருந்து நீதிமன்றம் ஊகிக்கிறது. கீழ் நீதிமன்றமும் மேல் நீதிமன்றமும் ஒரே சாட்சியத்தை வைத்து எதிரெதிரான முடிவுக்கு வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சம்பவ இடத்துக்கே வராதவர்களுக்கு இன்னொரு வழி வைத்திருக்கிறது சட்டம். அதுதான் உடந்தை. தூண்டிவிடுவது, சதியில் சேர்ந்து அதன்படி ஏதாவது நடப்பது, வேண்டுமென்றே உதவுவது என மூன்று வகையில் ஒருவர் உடந்தையாகலாம். உதவியபடியே குற்றம் நடந்துவிட்டால் செய்தவருக்குள்ள தண்டனையே உதவியவருக்கும்.

'வேண்டுமென்றே' என்ற சொல்தான் இதில் முக்கியம். ஸ்ரீராம் எதிர் உத்தரப் பிரதேச அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் உதாரணம் சொல்கிறது. நண்பரைச் சாதாரணமாக வீட்டுக்கு அழைக்கிறீர்கள். அந்த அழைப்பே அவரைக் கொல்பவர்களுக்கு வசதியாகிவிடுகிறது. கொலைக்கு உதவும் நோக்கத்தில் அழைக்காதவரை நீங்கள் உடந்தையல்ல. அருவாளைக் கடனாகக் கொடுத்தவருக்கும் இதே கேள்விதான்: தேங்காய் வெட்டக் கொடுத்தாரா, ஆளை வெட்டக் கொடுத்தாரா?

சொன்னதற்கு மேல் செய்துவிட்டால்? கொள்ளையடிக்க இரண்டு பேரிடம் ஆயுதம் கொடுத்து ஒரு வீட்டுக்கு அனுப்புகிறார் ஒருவர். எதிர்த்த வீட்டுக்காரரை அவர்கள் கொன்றுவிடுகிறார்கள். இது சட்டத்திலேயே உள்ள உதாரணம். ஆயுதத்தோடு நள்ளிரவில் அனுப்பினால் கொலை நடக்க வாய்ப்பு அதிகம் என்பதால் அனுப்பியவரும் கொலைக்குரிய தண்டனைக்கு ஆளாவார். வீட்டைக் கொளுத்தச் சொன்னவர் கதை வேறு. கொளுத்தப் போனவன் அங்கே நகையும் திருடினால், அந்தத் திருட்டு இவர் தலையில் விழாது.

உதவி, குற்றம் நடக்கும் முன்போ நடக்கும்போதோ செய்யப்பட்டிருந்தால்தான் உடந்தை. முன்பேச்சு எதுவுமில்லாமல், எல்லாம் முடிந்த பிறகு, விஷயம் தெரிந்தே ஒருவரைத் தண்டனையிலிருந்து தப்பவைக்க ஒளித்து வைத்துச் சோறு போடுவது தனிக் குற்றம். கொலையாளியை அப்படி வைத்திருந்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. இதில் கணவன் மனைவிக்கு மட்டும் விலக்கு உண்டு. பெற்ற தாய்க்குக் கிடையாது.