வாசல் வெளிச்சத்தில் ஒரு முகம்

மணப்பாறையில் வசிக்கும் என் தாயாருக்கு எண்பது வயதாகிறது. ரியாத்தில் பணிபுரியும் என் மகன், "அம்மா, நன்னியை நல்லதாக ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்" என்று கேட்டிருந்தான். ஊருக்குப் போயிருந்தபோது, தாயாரின் சம்மதம் பெற்று, கைப்பேசியில் எடுத்தேன். படத்தைப் பார்த்ததும் எனக்கே மனம் ஒப்பவில்லை.

அந்தப் படத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். உங்கள் வீட்டுப் படங்களிலும் இதே குறைகள் இருக்கக்கூடும். நேரம் நண்பகல். தாயார் திறந்த தெருவாசலுக்கு முதுகு காட்டி அமர்ந்திருக்கிறார். தெரு வெண்மையாய்ப் பளிச்சிட, முகமோ இருண்டு கிடக்கிறது. முகம் பெரிதாகத் தெரிய வேண்டுமென்று ஒரு முழ தூரத்தில் நின்று எடுத்ததால் மூக்கு பெருத்து, காதுகள் ஒடுங்கிவிட்டன. வெளியே நின்ற இருசக்கர வண்டியின் கைப்பிடி அவர் காதிலிருந்து முளைத்தது போல் நீட்டிக்கொண்டிருக்கிறது.

இதைத் திருத்த முடியுமா? ஓரளவே முடியும். வண்டியை வெட்டி நீக்கலாம். நிழற்பகுதியை வெளிச்சமாக்கினால் முகம் தெரியும். ஆனால் சாம்பல் பூசியது போல் மணல்மணலாய்த் தெரியும். பெருத்த மூக்கைச் சரிசெய்ய வழியில்லை. ஆகவே மறுபடியும் எடுப்பதே நலம்.

வெளிச்சம்

முதல் மாற்றம் எளிது: நாற்காலியைத் திருப்பினேன். மாலை நான்கரை மணிக்கு, வெயில் உள்ளே விழாத நிலையில், வாசற்படியிலிருந்து நான்கடி உள்ளே, வாசலைப் பார்த்தபடி தாயாரை அமர்த்தினேன். வாசலின் நடுவில் நாம் நின்றால் வெளிச்சத்தை நாமே மறைத்துவிடுவோம். எனவே நிலையோரமாக ஒதுங்கி நின்றேன். குழல்விளக்கை அணைத்துவிட்டேன், எரிந்தால் முகத்தின் ஒரு பாதி ஒரு நிறமாகவும் மறுபாதி வேறு நிறமாகவும் தெரியும். வெளிச்சம் சரிதானா என்பதைக் கண்களே சொல்லும்: கருவிழியில் வாசலின் சிறு வெள்ளைப் பிம்பம் மின்ன வேண்டும்.

வெள்ளைத் துப்பட்டி

நம் வீட்டுப் பெரியவர்களைப் படமெடுக்கையில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. கேமரா தன் முன்னுள்ள காட்சி அதிக வெளிச்சமுமின்றி, அதிக இருளுமின்றி நடுத்தரமாக இருக்குமென்றே கணக்கிடுகிறது. வெள்ளைத் துப்பட்டி படத்தை நிறைக்கும்போது, வெளிச்சம் மிகுதி என்றெண்ணிக் குறைத்துவிடுகிறது. துப்பட்டி பழுப்பேற, முகமும் இருண்டுவிடுகிறது. கறுப்பு புர்காவாக இருந்தால் இதற்கு நேர்மாறு, முகம் வெளுத்துப்போகும்.

இதற்கு வழி, திரையில் முகத்தின்மீது விரலால் தொடுவது. பல கைப்பேசிகளில் அருகே ஒரு சூரியக் குறி தோன்றும். அதை மேலே நகர்த்தினால் வெளிச்சம் கூடும். கீழே நகர்த்தினால் குறையும். எவ்வளவு கூட்டலாம்? துப்பட்டியின் மடிப்புகள் கண்ணுக்குத் தெரியும்வரை. மடிப்புகள் மறைந்து ஒரே வெள்ளையாகிவிட்டால் பிறகு மீட்க இயலாது, சற்றே குறைத்துவிடுங்கள்.

தூரமும் சட்டமும்

அடுத்து ஆறடி பின்னே நகர்ந்து, 2x என்ற குறியைத் தொட்டேன். மூக்கு பெருத்ததற்குக் காரணம் நெருக்கமே. தள்ளி நின்றதும் முகம் நாம் அன்றாடம் காணும் வடிவுக்குத் திரும்பியது. முன்பு நின்றுகொண்டு எடுத்ததால் நெற்றி பெரிதாகவும் முகவாய் சிறிதாகவும் இருந்தது. இம்முறை முக்காலியில் அமர்ந்து, கைப்பேசியை அவர் கண்ணுயரத்தில் பிடித்தேன். படத்தின் உயரத்தை மூன்றாகப் பகுத்தால் மேற்கோட்டில் கண்கள் வரும்படி அமைத்தேன். கையிலிருந்த தஸ்பீஹ் முழுமையாகத் தெரிந்தது. மணிக்கட்டில் வெட்டுப்படாமல் கைகளை முழுதாகச் சேர்ப்பது, இல்லையேல் மார்போடு நிறுத்துவது நன்று.

பின்னணி

நாற்காலிக்குப் பின்னே சுவர் ஐந்தடி தள்ளியிருந்தது. வாசலிலிருந்து விலகியிருப்பதால் சுவர் மங்கலாகி, முகம் எடுப்பாகத் தெரிந்தது. நிழலும் சுவரில் விழவில்லை. நாட்காட்டியை மட்டும் கழற்றினேன். பின்னணியை மங்கலாக்கும் 'போர்ட்ரெய்ட்' வசதியையும் முயன்றேன். பெரிதாக்கிப் பார்த்தபோது துப்பட்டியின் ஓரமும் கண்ணாடிக் காம்பும் கரைந்திருந்தன. சாதாரண முறையில் எடுத்ததையே தேர்ந்துகொண்டேன். வெறுஞ்சுவருக்கு மங்கல் தேவையுமில்லை.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். அச்சிட்டுச் சட்டமிட வேண்டுமென்றால் ஆவணமாக அனுப்புங்கள். நான் அப்படித்தான் அனுப்பினேன். அன்றிரவே மகன் அழைத்தான். "நன்னியின் கன்னத்து மச்சம்கூடத் தெரிகிறதம்மா" என்றான். முதல் படத்தில் அந்த மச்சம் இருளுக்குள் இருந்தது.