கமிஷன் ஸ்லாபும் எக்செல் ஃபார்முலாவும்

விற்பனைப் பிரதிநிதிகளுக்குக் கமிஷன் தரும் நிறுவனங்களில் ஸ்லாப் விவரம் பெரும்பாலும் ஒரே தாளில் அடங்கிவிடும். ஒரு ஜவுளி மொத்த வியாபாரக் கடையை எடுத்துக்கொள்வோம். மாத விற்பனை 1 லட்சத்துக்குள் இருந்தால் 1 சதவீதம். 1 லட்சம் முதல் 2 சதவீதம், 2.5 லட்சம் முதல் 3 சதவீதம், 5 லட்சம் முதல் 4 சதவீதம்.

இதை எக்செல் ஷீட்டில் ஏற்றும்போது F பத்தியில் ஒவ்வொரு ஸ்லாபும் தொடங்கும் தொகையை மட்டும் எழுத வேண்டும்: 0, 100000, 250000, 500000. பக்கத்தில் G பத்தியில் சதவீதம். ‘எதுவரை’ என்ற மேல்வரம்பை எழுதத் தேவையில்லை. அடுத்த வரியின் தொடக்கமே அதைச் சொல்லிவிடுகிறது. விற்பனைத் தொகை B2 செல்லில் இருந்தால் ஃபார்முலா இது:

```
=B2*VLOOKUP(B2,$F$2:$G$5,2,TRUE)
```

கடைசியில் உள்ள TRUE தான் இதன் உயிர். FALSE என்று போட்டால் 3,20,000 என்ற அதே எண்ணை எக்செல் அட்டவணையில் தேடும். கிடைக்காமல் #N/A என்று கைவிரிக்கும். TRUE என்றால், 3,20,000ஐத் தாண்டாத எண்களில் பெரியது எது என்று பார்க்கும். அது 2,50,000. அதன் எதிரே உள்ள 3 சதவீதத்தை எடுத்துப் பெருக்கி 9,600 ரூபாய் என்று காட்டும்.

ஆனால் இந்தத் தேடல் மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகப் படிப்பதில்லை. நடு வரிக்குப் போய், நம் எண் அதைவிடச் சிறியதா பெரியதா என்று பார்த்து, ஒரு பாதியைத் தள்ளிவிட்டு மறு பாதியில் மட்டும் தேடுகிறது. அட்டவணை ஏறுவரிசையில் இருப்பதாக நம்பித்தான் இப்படிச் செய்கிறது. அது உண்மையா என்று சரிபார்ப்பதில்லை.

நிர்வாகம் 75,000 ரூபாய் முதல் 1.5 சதவீதம் என்று புது ஸ்லாப் அறிவிக்கிறது. கணக்கர் அதை அட்டவணையின் கடைசி வரியில் சேர்த்து, ஃபார்முலாவின் எல்லையையும் நீட்டிவிடுகிறார். இப்போது 6 லட்சம் விற்றவருக்குத் தேடல் கீழ்ப் பாதிக்குப் போய், கடைசியில் இருக்கும் 75,000 என்ற வரியில் நின்றுவிடும். அவருக்கு 24,000க்குப் பதில் 9,000 ரூபாய். பிழைச் செய்தி எதுவும் வராது, செல்லில் சிவப்பும் தெரியாது. அதிகம் விற்றவர் வந்து கேட்கும் வரை யாருக்கும் தெரியாமலே போகலாம். புது வரி சேர்த்தவுடன் F பத்தியை ஏறுவரிசைப்படுத்திவிட்டு, ஒவ்வொரு ஸ்லாபிலும் ஒரு தொகையைப் போட்டுக் கையால் சரிபார்ப்பதே பாதுகாப்பு. புதிய எக்செல் பதிப்புகளில் உள்ள XLOOKUP, அதன் ஐந்தாவது இடத்தில் -1 என்று கொடுத்தால், வரிசை கலைந்திருந்தாலும் சரியான வரியைப் பிடிக்கும்.

வரம்பின் ஓரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. பைசாவை மறைத்துக் காட்டும் ஷீட்டில் 2,49,999.60 என்பது 2,50,000 என்றே தெரியும். ஃபார்முலாவோ உள்ளே இருக்கும் எண்ணைப் பார்த்து 2 சதவீதம் தரும். அந்த மாதம் திரும்பி வந்த சரக்கு, விற்ற சரக்கைவிட அதிகமாகித் தொகை பூஜ்யத்துக்குக் கீழே போனால் #N/A வரும். அட்டவணையில் பூஜ்யத்துக்குக் கீழே வரி இல்லையே.

இவற்றையெல்லாம் திருத்திய பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. இந்த ஃபார்முலாவில் 2,49,000 விற்றவருக்கு 4,980 ரூபாய். இன்னும் ஆயிரம் ரூபாய்க்கு விற்றால் 7,500. ஆயிரம் ரூபாய்ச் சரக்குக்கு 2,520 ரூபாய் கூடுதல் கமிஷன்! மாதக் கடைசியில் தெரிந்த கடைக்காரரிடம் “இந்த ஒரு பில்லை மட்டும் போட்டுக்கங்க, அடுத்த மாசம் ரிட்டர்ன் எடுத்துக்கறேன்” என்று பேசுவதற்கு இதைவிடத் தூண்டுதல் வேண்டியதில்லை.

வருமான வரியைப் போல அடுக்கடுக்காகக் கணக்கிட்டால் இந்தத் தாவல் மறையும். முதல் 1 லட்சத்துக்கு 1 சதவீதம், அதற்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும் 2 சதவீதம் என்று போகும். முதலில் சொன்ன நான்கு ஸ்லாபுக்கு, அந்தந்த வரிக்கு முன்பே சேர்ந்துவிட்ட கமிஷனை H பத்தியில் எழுதிவைக்கலாம்: 0, 1000, 4000, 11500.

```
=VLOOKUP(B2,$F$2:$H$5,3,TRUE)
 +(B2-VLOOKUP(B2,$F$2:$H$5,1,TRUE))
 *VLOOKUP(B2,$F$2:$H$5,2,TRUE)
```

3,20,000 விற்றவருக்கு 2.5 லட்சம் வரை 4,000; மிச்சம் 70,000க்கு 3 சதவீதம் 2,100; ஆக 6,100 ரூபாய். அதே தாள், அதே சதவீதம், ஆனால் முதல் ஃபார்முலாவைவிட 3,500 குறைவு. எனவே வேலையில் சேரும் பிரதிநிதி, சதவீதத்தைப் பார்த்ததோடு நிற்காமல், அது மொத்த விற்பனைக்கா, வரம்பைத் தாண்டிய தொகைக்கு மட்டுமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.