கால் முறிந்தவர் கேட்கும் ‘வீட்டிலிருந்து வேலை’: கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

கணுக்கால் எலும்பு முறிந்து பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்துத் தைத்து அனுப்பிய பிறகு, அலுவலகத்துக்கு அனுப்பும் முதல் மின்னஞ்சலைப் பெரும்பாலும் எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். “என்னால் பயணம் செய்ய முடியாது, வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வேண்டும்” என்று எழுதி, “ஆறு வாரம் ஓய்வு தேவை” என்ற மருத்துவச் சான்றிதழை இணைத்துவிடுவார்கள். இதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. பயணம்தான் பிரச்சினை என்றால், “கார் அனுப்புகிறோம், வந்துவிடுங்கள்” என்று நிறுவனம் சொல்லலாம். ஓய்வு தேவை என்று மருத்துவரே எழுதியிருந்தால், “அப்படியானால் விடுப்பு எடுங்கள்” என்று எச்.ஆர். சொல்லலாம். இரண்டு பதில்களிலும் தவறு கண்டுபிடிக்க முடியாது.

உண்மையான காரணம் வேறு. அறுவை சிகிச்சை செய்த கணுக்காலைத் தொங்கவிட்டபடி எட்டு மணி நேரம் உட்கார முடியாது. காலைத் தரையில் வைத்து அரைமணி நேரம் உட்கார்ந்தாலே பாதம் கனக்கும், விரல்கள் சிவந்து கருநீலமாகும், கட்டு இறுகும். முக்காலியில் தூக்கி வைத்தால் வீக்கம் ஏறுவது குறையும், அவ்வளவுதான். ஏறிய வீக்கம் வடிய வேண்டுமென்றால், படுத்துக்கொண்டு காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே, இரண்டு மூன்று தலையணைகளின்மேல் வைக்க வேண்டும். நாளுக்கு நாலைந்து முறை படுக்க அலுவலகத்தில் எங்கே இடம்? கடிதம் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். இதற்குக் கார் அனுப்பித் தீர்வு காண முடியாது.

சட்டம் எந்த அளவுக்குத் துணை நிற்கும் என்பதையும் சொல்லிவிடலாம். தனியார் நிறுவனத்தில் கால் முறிந்தவருக்கு வீட்டிலிருந்து வேலை கேட்கும் உரிமையைத் தரும் தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 நீண்டகாலக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. சில மாதங்களில் கூடிவிடும் முறிவு பொதுவாக அதற்குள் வராது. ஆகவே இது உரிமைக் கோரிக்கை அல்ல, வேண்டுகோள். இ.எஸ்.ஐ. உறுப்பினர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நோய்ப் பலனாகத் தினக்கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். ஆனால் சம்பளம் வாங்கி வேலை செய்த நாளுக்கு அந்தப் பலன் கிடையாது. இரண்டில் எது வேண்டும் என்று முதலிலேயே முடிவெடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு உதாரணத்தைப் பார்ப்போம். கிண்டியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை, பெரம்பூரில் முதல் மாடி வீடு. ஜூன் 3ஆம் தேதி அறுவை சிகிச்சை. ஆறு வாரம், அதாவது ஜூலை 15 வரை, அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். முதல் இரண்டு வாரம் வலி மாத்திரையும் தூக்கமுமாகப் போகும். அந்த நாட்களில் வேலை செய்கிறேன் என்று சொல்ல வேண்டாம், அதற்கு விடுப்புதான் நேர்மை. தையல் பிரித்தபின், ஜூன் 22 முதல் வீட்டிலிருந்து வேலை என்று கேட்கலாம்.

மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கும்போது, எது முடியாது என்பதோடு எது முடியும் என்பதையும் எழுதித் தரக் கேளுங்கள். வலது காலை ஊன்றக் கூடாது. வாக்கருடன் வீட்டுக்குள் நடக்கலாம். படி ஏறக் கூடாது. காலை உயர்த்தி வைத்து உட்கார்ந்து வேலை செய்யலாம். மணிக்கு ஒருமுறை எழுந்து படுக்க வேண்டும். மறு எக்ஸ்ரே ஜூலை 15. இந்த ஐந்தாறு வரிகள் இருந்தால் எச்.ஆர். முடிவெடுக்கலாம். வெறும் நோயின் பெயரை வைத்துக்கொண்டு அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது நாற்காலி. கேட்கத் தயங்குவதும், கேட்காமல் விட்டுப் பிறகு முதுகுவலியோடு திண்டாடுவதும் இதில்தான். அலுவலகச் சக்கர நாற்காலியை வீட்டுக்கு அனுப்பினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒற்றைக் காலில் எழுந்து வாக்கரைப் பிடிக்கும் நொடியில் அது பின்னால் ஓடிவிடும். பிளாஸ்டிக் நாற்காலியும் டைல்ஸ் தரையில் வழுக்கும், ஊன்றி எழும்போது கைப்பிடி வளையும். உறுதியான கைப்பிடியும், சக்கரமில்லாத நாலு கால்களும், வழக்கத்தைவிடச் சற்று உயரமான இருக்கையும் வேண்டும். தாழ்ந்த இருக்கையிலிருந்து ஒரு காலால் எழுவது கடினம்.

முக்காலி இருக்கை மட்டத்திலோ அதற்குச் சற்று மேலோ இருக்கட்டும். தலையணையை கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் வைத்து, குதிகால் எதிலும் படாமல் விளிம்புக்கு வெளியே நிற்க வேண்டும். குதிகாலிலேயே எடை நின்றால் அங்கே அழுத்தப் புண் வரும். முழங்கால் விறைப்பாக நீட்டாமல் லேசாக மடங்கியிருக்கட்டும்.

மேசையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. சுவரை ஒட்டிய கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் நீட்டிய காலும் முக்காலியும் அடங்காது. உடனே காலை ஒரு பக்கமும் உடம்பை இன்னொரு பக்கமுமாகத் திருப்பி உட்கார்வோம். ஒரு வாரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். டிராயரும் குறுக்குச் சட்டமும் இல்லாத சாப்பாட்டு மேசையைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டால் போதும், செலவில்லை. லேப்டாப்பைப் புத்தகங்களின்மேல் கண் மட்டத்துக்கு உயர்த்தி, தனிக் கீபோர்டும் மவுசும் வைத்துக்கொள்ள வேண்டும். நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை இந்த இரண்டும், முடிந்தால் ஒரு மானிட்டரும். வாக்கர் பிடித்தவருக்கு இரண்டு கையும் போய்விடும் என்பதால் தண்ணீர் பாட்டிலையும் சார்ஜரையும் தோள்பையில்தான் எடுத்துப் போக முடியும்.

இப்போது கடிதம். ஆங்கிலத்தில் எழுதினாலும் உள்ளடக்கம் இதுதான்:

“ஜூன் 3 அன்று வலது கணுக்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. ஜூலை 15 மறுபரிசோதனை வரை காலை ஊன்றவோ நெடுநேரம் தொங்கவிடவோ கூடாது. காலை உயர்த்தி உட்கார்ந்து வேலை செய்யலாம் என்ற மருத்துவரின் குறிப்பை இணைத்துள்ளேன். ஜூன் 22 முதல் ஜூலை 15 வரை வீட்டிலிருந்து பணிபுரிய அனுமதி வேண்டுகிறேன். காலை 9 முதல் 12.30 வரையும், மாலை 3 முதல் 7.30 வரையும் இருப்பேன். மணிக்குப் பத்து நிமிடம் படுத்திருப்பேன். பில் பதிவும் மாத முடிவுக் கணக்கும் முழுவதுமாக என்னால் முடியும். காசோலைக் கையெழுத்தும் காகித பில்களை ஸ்கேன் செய்வதும் முடியாது. அவற்றை யாரிடம் ஒப்படைப்பது என்று சொல்லுங்கள். கீபோர்டு, மவுஸ், மானிட்டர் தேவை; வேலைக்குத் திரும்பும்போது ஒப்படைப்பேன். ஜூலை 16 அன்று அடுத்த நிலையைத் தெரிவிக்கிறேன்.”

மேலாளர் பெரும்பாலும் தயங்குவது முடியாத வேலையை யார் செய்வது என்பதற்காகத்தான். அதை நாமே எடுத்துச் சொன்னால் பாதிப் பேச்சு முடிந்துவிடும். முடிவுத் தேதியும் அப்படித்தான்: “குணமாகும் வரை” என்று எழுதினால் யாரும் கையெழுத்திட மாட்டார்கள். எலும்பு மெதுவாகக் கூடினால் ஜூலை 15க்குப் பிறகு நீட்டிப்புக் கேட்கலாம்.

வேலை தொடங்கியபின் கவனிக்க வேண்டியது ஒன்று. மாலையில் வரும் வீக்கம் இரவு படுத்தெழுந்ததும் வடிந்தால் பயமில்லை. படுத்தும் வடியாமல் கெண்டைக்கால் கனத்து, சூடாகி, தொட்டால் வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம்; அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் கூட்டம், மெயில் எதையும் பார்க்காமல் 108ஐ அழையுங்கள்.

மேலாளர் போனில் “சரி, பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். தேதி, நேரம், அனுப்பும் பொருட்கள் மூன்றையும் மின்னஞ்சலில் உறுதிசெய்து வாங்கிக்கொள்ளுங்கள். மாதச் சம்பளத்தில் விடுப்பு நாட்கள் கழிக்கப்பட்டால் காட்ட உங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.