போனில் சொன்ன ரேட்

வீடு கட்டுபவர் கம்பிக் கடைக்குப் போன் போடுகிறார். "12 எம்எம் என்ன ரேட்?" கடைக்காரர், "கிலோ 58 ரூபாய்" என்கிறார். இரண்டு டன்னுக்கு 1,16,000 ரூபாய் என்று அவர் மனக்கணக்குப் போட்டுவிடுகிறார். இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்தால் ரேட் 59.50, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. மொத்தம் 1,40,420 ரூபாய், வண்டி வாடகை தனி. "போன்ல 58னு சொன்னீங்களே!" என்று சண்டை தொடங்குகிறது.

இந்த 24,420 ரூபாய் வித்தியாசத்தில் விலையேற்றத்தின் பங்கு வெறும் 3,000. வரியையும் சேர்த்தால் 3,540. மற்றதெல்லாம் போனில் யாரும் பேசாத ஜிஎஸ்டி.

சட்டப்படி யார் பக்கம் நியாயம்? விலை கேட்டதற்குச் சொன்ன பதில் மட்டுமே ஒப்பந்தம் ஆகிவிடாது. குடகு பங்களா ஒன்றின் விற்பனை குறித்த வழக்கில், 10,000 ரூபாய்க்குக் குறையாது என்று உரிமையாளர் சொன்னதை வைத்து, அந்த விலைக்கே விற்க அவர் ஒப்புக்கொண்டதாகக் கொள்ள முடியாது என்று 1951இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இதைக் கேட்டுவிட்டுக் கடைக்காரர்கள் நிம்மதியாக இருந்துவிட முடியாது. எழுத்தில் இல்லாவிட்டால் எதுவும் செல்லாது என்பது தவறான நம்பிக்கை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் வாய்மொழி ஒப்பந்தத்தையும் ஏற்கிறது. "58க்கு ரெண்டு டன் தர்றேன்" என்று கடைக்காரர் சொல்லி, "சரி, அனுப்புங்க" என்று வாடிக்கையாளர் போனிலேயே ஏற்றுக்கொண்டால் நிலைமை வேறு. முன்பணமும் வாங்கியிருந்தால், "எழுதித் தரலையே" என்று நழுவுவது கடினம்.

ஆகவே "எழுத்தில் உறுதியானால்தான் கட்டுப்படும்" என்பதை ரேட் சொல்லும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும். இப்படி: "அண்ணே, இன்னைக்கு ரேட் 58. ஜிஎஸ்டி, வண்டி வாடகை தனி. கம்பி ரேட் தினம் மாறும், அதனால இதை உத்தேசமா வச்சுக்கோங்க. வாட்ஸ்அப்ல கொட்டேஷன் அனுப்புறேன். அதுல இருக்கிற தேதிக்குள்ள நீங்க ஓகே சொன்னா, அந்த ரேட்டுக்கே தர்றேன்."

கடைசி வாக்கியம்தான் முக்கியம். அது இல்லாவிட்டால், விலையை ஏற்றிக்கொள்ளக் கடைக்காரர் வழி தேடுகிறார் என்றே வாடிக்கையாளருக்குப் படும். கொட்டேஷனில் கம்பெனி பெயர், கம்பியின் கிரேடு, அளவு, எடை, வரி, வண்டி வாடகை, எந்தத் தேதி வரை செல்லும் என்பதெல்லாம் இருக்க வேண்டும். காகிதமும் முத்திரையும் கட்டாயமில்லை. மின்னணு வழியில் செய்யும் ஒப்பந்தத்தையும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்கிறது.

முன்கூட்டியே எதுவும் சொல்லாமல், பில் போடும் நேரத்தில் "போன் ரேட்டெல்லாம் செல்லாது" என்பவர் சட்டத்தில் தப்பலாம். ஆனால், தப்பு அவருடையதுதான். அந்த 3,540 ரூபாயை அவரே ஏற்பதுதான் முறை.