எந்தப் பகுதியில் எழுதினார்கள்?

2002 ஜூனில் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான வேர்ல்டுகாம் ஒரு தில்லுமுல்லை ஒப்புக்கொண்டது. பிற நிறுவனங்களின் இணைப்புகளைப் பயன்படுத்தக் கட்டிய கட்டணம் அன்றாடச் செலவு. அதைச் சொத்து வாங்கியதாக எழுதியிருந்தார்கள். தொகை சுமார் 380 கோடி டாலர்.

ரொக்கக் கையிருப்பு ஒரு டாலர்கூட மாறவில்லை. பணப்பாய்வு அறிக்கையில்தான் செலவு செயல்பாட்டுப் பகுதியிலிருந்து முதலீட்டுப் பகுதிக்குத் தாவியது. தொழிலே பணம் கொட்டுவதுபோல் தெரிந்தது.

பிரித்து எழுதுவது இதற்காகத்தான். பணம் வியாபாரத்தில் வந்ததா, நிலம் விற்று வந்ததா, கடனாக வந்ததா என்பது கல்லாப்பெட்டியைப் பார்த்தால் தெரியாது. கடன் வாங்கிச் சம்பளம் போடும் கடையிலும் மாதக் கடைசியில் கல்லா நிறைந்திருக்கலாம்.

ஆனால் பிரிப்பவர் மனிதர்தானே! வேர்ல்டுகாமின் உள்தணிக்கையாளர்கள் சொத்துப் பதிவுகளுக்கு ஆதாரம் கேட்டார்கள்; காட்ட ஒரு ரசீதும் இல்லை.