பெயர் வைக்கும் நாளுக்குள் தைத்தாக வேண்டும்

பிள்ளை பிறப்பதற்கு முன் புதுத்துணி வாங்கி வைக்கக் கூடாது என்ற வழக்கம் தமிழ்நாட்டில் இன்றும் பல வீடுகளில் உண்டு. பிறந்ததும் சுற்றிக்கொடுப்பது, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட பழைய வேட்டியோ பருத்திப் புடவையோதான். பதினோராம் நாளோ பதினாறாம் நாளோ தொட்டிலில் போட்டுப் பெயர் வைக்கும்போதுதான் புதுச்சட்டை ஏறும்.

வீட்டில் தையல் மெஷின் வைத்துக் குழந்தைத் துணி தைத்து விற்பவர்களின் வேலை இந்த வழக்கத்தை ஒட்டியே நடக்கிறது. பிரசவம் ஆன பிறகுதான் ஆர்டர் வரும். கைக்கு ஒரு வாரம், பத்து நாள்தான் கிடைக்கும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிந்து சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருப்பதால், முன்கூட்டியே நிறம் பிரித்துத் தைத்து வைக்கவும் வழியில்லை. அதனால் விவரம் தெரிந்தவர்கள் சந்தன நிறம், இளம்பச்சை, வெளிர்மஞ்சள் என்று பொதுவான நிறங்களில் தைத்து அடுக்கிவிடுகிறார்கள். நெஞ்சுப் பக்கம் இடம் விட்டிருப்பார்கள். பெயர் தெரிந்த அன்று எம்பிராய்டரி போட்டால் பரிசுப்பெட்டி தயார்.

துணி பெரும்பாலும் மல்மல். நெசவு நெருக்கமில்லாததால் காற்றுப் போகும், சீக்கிரம் காயும். ஈரோட்டில் திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் ஜவுளிச் சந்தை போன்ற இடங்களில் மொத்தமாக வாங்கலாம். ஆனால் வாங்கிவந்த கையோடு கத்தரி வைக்கக் கூடாது. துணியில் பத்து அங்குலச் சதுரம் ஒன்றை வரைந்து, துவைத்து, வெயிலில் காயப்போட்டு, மறுபடி அளக்க வேண்டும். ஒன்பதரை அங்குலம் என்று வந்தால் நூற்றுக்கு ஐந்து சுருங்கியிருக்கிறது. பன்னிரண்டு அங்குல ஜப்லாவில் அது அரை அங்குலத்துக்கும் மேல். முதல் சலவையிலேயே கைக்குழி பிடித்துவிடும். எனவே மொத்தத் துணியையும் நனைத்துக் கஞ்சி போக அலசிய பிறகே வெட்டுவது நல்லது. ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தால் சாயம் நிற்குமா என்பதும் தெரியும். ஒட்டுகிற சாயம் குழந்தையின் வாய்க்குள் போகும்.

அடுத்தது உள்பக்கம். பிறந்த குழந்தைக்கு ஓவர்லாக் போட்ட ஓரம்கூட உறுத்தும். பிசிர் உள்ளே மறையும்படி இரட்டைத் தையல் போடுவதே வழக்கம். பட்டன் பிடுங்கி வந்தால் தொண்டையில் சிக்கும் என்பதால் பக்கவாட்டில் முடியும் குட்டை நாடாதான் ஏற்றது; கழுத்தில் நாடா வேண்டாம். அதிகம் கவனிக்க வேண்டியது கையுறை. உள்ளே தொங்கும் ஒரே ஒரு நூல் பிஞ்சு விரலைச் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். புரட்டிப் பார்க்காமல் ஒரு ஜோடியும் பெட்டிக்குள் போகக் கூடாது.

தூளி விஷயம் வேறு. மல்மல் இங்கே உதவாது, பாரம் தாங்காமல் கிழியும். நெருக்கமாக நெய்த கெட்டிப் பருத்திதான் வேண்டும். கயிறு நுழையும் இரு முனைகளையும் பாலியஸ்டர் நூலால் மூன்று வரி தைக்க வேண்டும். தைத்த தூளியில் 25 கிலோ அரிசி மூட்டையை ஓர் இரவு தொங்கவிட்டு, காலையில் தையல் வரியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் போதும். ஊசித்துளைகள் நீண்டு திறந்திருந்தால் அந்தத் தூளி விற்பனைக்கு இல்லை. வாய் மூடிக்கொள்ளாமல் இருக்கத் தொட்டில் கட்டை போடச் சொல்வதும், குழந்தை குப்புறத் திரும்ப ஆரம்பித்தால் தூளியை நிறுத்தச் சொல்வதும் விற்பவர் பொறுப்பு.

இனி விலை. மூன்று ஜப்லா, நான்கு லங்கோடு, போர்த்தும் துணி ஒன்று என்று ஒரு பெட்டி போடலாம். 44 அங்குல அகலத் துணியில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு மீட்டர், ஆக மூன்று மீட்டர். மீட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் துணிக்கு 300. நூல், நாடா 40, பெட்டி 60. துவைப்பது, வெட்டுவது, தைப்பது, தேய்ப்பது எல்லாம் சேர்ந்து ஐந்து மணி நேரம். மணிக்கு 80 ரூபாய் கூலி என்றால் 400. அடக்கமே 800 ஆகிறது. கரண்ட், மெஷின் தேய்மானம், லாபம் எல்லாம் இதற்கு மேல்தான்.

கடையில் 500 ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று அந்த விலைக்கே தருபவர், ஐந்து மணி நேர உழைப்புக்கு 100 ரூபாய்தான் பார்க்கிறார். விலை அதிகம் என்பவருக்குப் பெட்டியில்லாமல் இரண்டு ஜப்லா, இரண்டு லங்கோடு மட்டும் கொண்ட சின்னத் தொகுப்பைக் காட்டுங்கள். கூலியில் கை வைக்காதீர்கள்.