முழங்காலில் முதலில் போவது எது?

58 வயதுப் பெண்மணி ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாடிப்படி இறங்கும்போது வலது முழங்காலின் உட்பக்கம் வலிக்கிறது. காலையில் எழுந்ததும் பத்து நிமிடம் மூட்டு பிடித்துக்கொள்கிறது. நாலு அடி நடந்தால் விட்டுவிடுகிறது. எக்ஸ்ரேயில் மூட்டின் உட்பக்க இடைவெளி குறுகியிருக்கிறது. அதையொட்டிய எலும்பு வெளேரென்று தெரிகிறது, ஓரத்தில் முள் போல எலும்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் ஈ.எஸ்.ஆர். சரியாகவே இருக்கிறது. "வயசாயிடுச்சு, தேய்ஞ்சுபோச்சு" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். ஆனால் இது வெறும் உராய்வால் வந்த தேய்மானம் அல்ல. மூட்டிலுள்ள உயிரணுக்களே தங்களைச் சுற்றியுள்ள குருத்தெலும்பை அரித்துக்கொண்டிருக்கின்றன.

முழங்கால் குருத்தெலும்பு சில மில்லிமீட்டர் தடிமன்தான். அதன் எடையில் முக்கால் பங்கு வரை தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பிடித்துவைப்பது அக்ரிக்கான் என்ற பெரிய மூலக்கூறு. அது வெளியேறிவிடாமல் கட்டிவைப்பது இரண்டாம் வகைக் கொலாஜன் இழைகளின் வலை. மெத்தையில் பஞ்சும் உறையும் போல என்று வைத்துக்கொள்ளலாம். பாரம் அழுத்தும்போது தண்ணீர் மெல்லக் கசிகிறது, பாரம் விலகியதும் திரும்பி வருகிறது.

நோயில் முதலில் போவது பஞ்சு. ஏடிஏஎம்டிஎஸ்-4, ஏடிஏஎம்டிஎஸ்-5 என்ற இரு நொதிகள் அக்ரிக்கானை வெட்டிவிடுகின்றன. இந்தக் கட்டத்தில் நிலைமை கைமீறவில்லை. ஆய்வகத்தில் குருத்தெலும்புத் துண்டில் இன்டர்லூக்கின்-1 சேர்த்தால் சில நாட்களிலேயே அக்ரிக்கான் கரைகிறது. அதை நிறுத்திவிட்டால், உயிரணுக்கள் புதிய அக்ரிக்கானைச் செய்துகொள்கின்றன. பிறகுதான் எம்.எம்.பி-13 என்ற நொதி கொலாஜனை அறுக்கத் தொடங்குகிறது. உறை கிழிந்துவிட்டால் அப்புறம் தைக்க வழியில்லை.

இதை அழகாக நிறுவிய ஆய்வு ஒன்று 2016-இல் டென்மார்க்கிலிருந்து வெளிவந்தது. 1950, 60-களில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 கூடியது. உணவு வழியாக எல்லோர் உடம்பிலும் அது சேர்ந்தது. பல வயதினரின் முழங்கால் குருத்தெலும்பில் அதை அளந்து பார்த்தார்கள். கொலாஜன், வளரும் பருவத்தில் உருவானது அப்படியே இருந்தது. வளர்ந்தபின் புதிதாகச் சேர்ந்ததற்கு அடையாளமே இல்லை, நோயுற்ற மூட்டிலும் கூட. குருத்தெலும்பை வளர்க்கும் என்று விற்கப்படும் மாத்திரைகளை வாங்குமுன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

குருத்தெலும்பில் நரம்பும் கிடையாது, ரத்தக் குழாயும் கிடையாது. அப்படியானால் அந்தப் பெண்மணிக்கு வலிப்பது எங்கே? ஓர் இடம், அடியிலுள்ள எலும்பு. மேலே தாங்கும் சக்தி குறைந்ததும் பாரம் நேராக எலும்பில் இறங்குகிறது. நுண்விரிசல்கள் விழுகின்றன; எலும்பு தன்னைத் தானே இடித்துக் கட்டும் வேகம் கூடுகிறது. அவசரமாகக் கட்டிய அந்த எலும்பு எக்ஸ்ரேயில் அடர்த்தியாகத் தெரிந்தாலும், அதில் தாதுச் சத்து குறைவாகவே ஏறியிருக்கும். விரிசல்கள் வழியாக ரத்தக் குழாய்களும் அவற்றோடு வலி நரம்புகளும் குருத்தெலும்பை நோக்கி ஏறுகின்றன. எம்.ஆர்.ஐ. எடுத்தால் எலும்பு மஜ்ஜையில் ஈரம் கோத்த திட்டுகள் தெரியும். எக்ஸ்ரேயில் தெரியும் இடைவெளியை விட, இந்தத் திட்டுகள்தாம் வலியோடு நெருக்கமாகப் பொருந்துகின்றன.

இன்னோர் இடம், மூட்டின் உட்சவ்வு. வெட்டுண்ட துணுக்குகள் மூட்டு நீரில் மிதந்து சவ்வைச் சீண்டுகின்றன. சவ்வு இன்டர்லூக்கின்-1, டிஎன்எஃப் போன்றவற்றைச் சுரக்கிறது. அவை குருத்தெலும்பு உயிரணுக்களைத் தூண்ட, அவை மேலும் நொதிகளை விடுகின்றன. சுழல் இப்படியே ஓடுகிறது. ஆனாலும் இது முடக்குவாதத்தின் அழற்சி போன்றதல்ல. மூட்டு நீரை எடுத்துப் பார்த்தால் வெள்ளணுக்கள் பொதுவாக ஒரு கன மில்லிமீட்டருக்கு 2,000-க்குக் குறைவாகவே இருக்கும். அதனால்தான் ஈ.எஸ்.ஆர். உயரவில்லை, காலைப் பிடிப்பும் அரை மணியைத் தாண்டவில்லை.

சுழலை மருந்தால் அறுக்க முயன்றார்கள். முடக்குவாதத்தில் வெற்றி கண்ட டிஎன்எஃப் தடுப்பு மருந்துகள் இங்கே கைகொடுக்கவில்லை. நரம்பு வளர்ச்சிப் புரதத்தைத் தடுக்கும் டானெசுமாப், வலியைக் குறைத்தது. ஆனால் சிலருக்கு மூட்டு வேகமாகச் சிதைந்தது. 2021-இல் அந்த முயற்சி கைவிடப்பட்டது. வலி அடங்கினாலும் பாரம் அடங்குவதில்லை என்பதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஆகவே அந்தப் பெண்மணி தொடைத் தசைகளுக்கான பயிற்சியை விடாமல் செய்யட்டும். நடப்பதை நிறுத்த வேண்டாம். எடை கூடுதலாக இருந்தால் குறைக்கட்டும். உடலில் 1 கிலோ குறைந்தால், எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது.